பதினாறு தையலும் ஒரு காற்றுக் குமிழியும்

கருவிழி மாற்று அறுவை என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரே மருத்துவமனையில், ஒரே காலையில், அடுத்தடுத்த மேசைகளில் நடக்கும் இரண்டு கருவிழி மாற்றுகள் முற்றிலும் வேறானவையாக இருக்கலாம். ஒன்றில் கண்ணின் முன்புறக் கண்ணாடியையே வட்டமாக வெட்டி எடுத்து, இறந்தவர் தந்த வட்டத்தை வைத்துத் தைக்கிறார்கள். இன்னொன்றில் அந்தக் கண்ணாடியைத் தொடாமல், அதன் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை மட்டும் உரித்துவிட்டு வேறு சவ்வை ஒட்டுகிறார்கள். தையல், படுக்கை, பார்வை திரும்பும் காலம், ஆபத்து வரும் விதம் எல்லாமே இரண்டிலும் வேறு. இந்த வேறுபாட்டை யாரும் நோயாளியை உட்காரவைத்துச் சொல்வதில்லை. அதனால் கருவிழிப் பிரிவின் வெளியே இருக்கும் பெஞ்சில் இப்படியொரு பேச்சு அடிக்கடி கேட்கும்:

"டீச்சர், உங்களுக்கு ஒரே மாசத்துல தெரிஞ்சிருச்சாமே. எனக்கு அஞ்சு மாசமாச்சு, இன்னும் கலங்கலாத்தான் இருக்கு. எனக்கு மட்டும் பழைய ஆபரேஷனைப் பண்ணி விட்டுட்டாங்களோ?"

"எனக்கு ஒரு தையல் கூட இல்லைங்க. உங்களுக்குக் கண்ணைச் சுத்திப் போட்டிருக்காங்களே!"

கேட்டவர் தஞ்சைப் பக்கத்து விவசாயி, வயது 46. பதில் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64. இருவரும் குறிப்பிட்ட ஆட்கள் அல்ல. கருவிழிப் பிரிவுக்கு வரும் பலருடைய கதைகளைச் சேர்த்து நான் உருவாக்கிக்கொண்ட இருவர். ஆனால் இவர்களுக்கு நடப்பவை எல்லாம் நாள்தோறும் நடப்பவையே. விவசாயியின் கேள்விக்கு விடை காண இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

கெட்டது எந்த அடுக்கு?

கருவிழி நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் பெரும்பகுதி ஸ்ட்ரோமா என்னும் நடு அடுக்கு. அதன் நார்கள் ஒரு ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதால்தான் ஒளி சிதறாமல் உள்ளே போகிறது. அதற்குப் பின்னால் டெசிமெட் சவ்வு. அந்தச் சவ்வின் மேல் ஒற்றை வரிசையாகப் பரவியிருக்கும் அணுக்களுக்குப் பெயர் என்டோதீலியம். ஸ்ட்ரோமாவுக்கு நீரை உறிஞ்சும் குணம் உண்டு. உறிஞ்சிய நீரை ஓயாமல் வெளியே இறைப்பது இந்த அணுக்களின் வேலை. இவை மனிதருக்குப் பெருகுவதில்லை, போனது போனதுதான். நடுவயதில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 அணுக்கள் இருக்கும். அது சில நூறுக்கு இறங்கினால் இறைப்பு நின்று கருவிழி ஊறி, வெளுத்துப்போகும்.

விவசாயிக்குக் கெட்டது ஸ்ட்ரோமா. அறுவடை நேரத்தில் நெல் உமி கண்ணில் அடித்தது. இரண்டு நாள் விளக்கெண்ணெய் விட்டார், பிறகு கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கினார். பத்தாம் நாள் மருத்துவமனைக்கு வந்தபோது பூஞ்சைப் புண் கருவிழியின் பாதி ஆழத்தைத் தாண்டிவிட்டது. நாடாமைசின் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் ஊற்றிப் புண்ணை ஆற்றினார்கள். ஆனால் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. ஊரில் சொல்வதுபோல் கண்ணில் பூ விழுந்துவிட்டது. தழும்பின் நடுவே ஒரு புள்ளியில் புண் கருவிழியைத் துளைத்தே ஆறியிருந்தது.

டீச்சருக்கு ஸ்ட்ரோமா நன்றாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நடந்த கண்புரை அறுவையில் என்டோதீலிய அணுக்கள் நிறையப் போய்விட்டன. முதலில் காலையில் எழுந்ததும் மட்டும் மூட்டம் தெரிந்தது, மதியத்துக்குள் தெளிந்தது. கண்ணை மூடித் தூங்கும்போது கருவிழியின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாக முடியாது, விழித்திருக்கும்போது கொஞ்சம் போகும். அதனால் இந்தக் காலை மூட்டம் என்டோதீலியம் தோற்கத் தொடங்குவதன் நல்ல அடையாளம். பிறகு நாள் முழுக்க மூட்டம், கடைசியில் மேற்பரப்பில் கொப்புளங்கள், அவை உடையும்போது உயிர்போகும் வலி.

ஆக, விவசாயிக்கு உள் சவ்வை மட்டும் மாற்றிப் பயனில்லை, தழும்பு அப்படியே இருக்கும். டீச்சருக்கு முழுக் கருவிழியை மாற்றலாம். நீண்ட காலம் அப்படித்தான் செய்தார்கள். இன்று அது தேவையில்லாத பெருஞ்செலவு, பணத்தில் அல்ல, கண்ணின் வலிமையில். நடுவே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: முன் அடுக்குகளை மட்டும் மாற்றி, நோயாளியின் சொந்த என்டோதீலியத்தைக் காப்பாற்றுவது. விவசாயியின் புண் துளைத்துப்போயிருந்ததால் அந்த வழி அடைபட்டது. அவருக்குப் 'பழைய ஆபரேஷன்' செய்ததன் காரணம் இதுதான்.

பழையது என்பது மட்டும் உண்மை. எட்வர்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர் 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலமோட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுக் கண் வெந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு முழுக் கருவிழி மாற்றிப் பார்வை தந்தார். மனிதரில் வெற்றி கண்ட முதல் மாற்று அதுவே. டீச்சருக்குச் செய்த, உள் சவ்வை மட்டும் மாற்றும் டிமெக் முறையை நெதர்லாந்தின் கெரிட் மெலஸ் 2006-இல் கொண்டுவந்தார். இரண்டுக்கும் இடையே நூறு ஆண்டு. ஆனாலும் புதியது வந்ததால் பழையது ஓய்வுபெறவில்லை. புண் ஆறிய தழும்புகள் நிறைந்த நம் ஊர்களில் முழு மாற்றுக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது.

மேசையில் நடப்பது

விவசாயிக்குப் புண் ஆறி, கண் முழுதும் அமைதியாகி ஓராண்டு காத்திருந்த பிறகே அறுவை. சிவந்த கண்ணில் வைத்த கிராஃப்ட் நிலைப்பது கடினம். கிராஃப்ட் என்றால் தானமாக வந்த அந்தத் துண்டு. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கப்பட்டு, மதுரை ஆரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்ற திரவத்தில் இட்டால் இரண்டு வாரம் வரை தாங்கும். கண் வங்கி அதன் அணுக்களை எண்ணிப் பார்த்துத்தான் அனுப்புகிறது. இரத்த வகை பொருத்தம் பார்ப்பது வழக்கத்தில் இல்லை.

கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போக வைக்கிறார்கள். கண்ணின் உள் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். பிறகு நடப்பதில் வரிசை முக்கியம். முதலில் தானக் கருவிழியைக் கவிழ்த்து வைத்து, 8 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டித் தயாராக வைக்க வேண்டும். அதன் பிறகுதான் நோயாளியின் கருவிழியைத் தொட வேண்டும். காரணம், நோயாளியின் கண்ணில் 7.5 மில்லிமீட்டர் வட்டத்தை வெட்டி எடுத்த கணத்திலிருந்து அந்தக் கண் திறந்த கிண்ணமாக இருக்கிறது. ஐரிஸும் லென்ஸும் வெளிக் காற்றைப் பார்த்தபடி கிடக்கின்றன. அந்த நேரத்தில் நோயாளி இருமினாலோ, இரத்த அழுத்தம் ஏறினாலோ, கண்ணின் பின்புறத்து இரத்தக் குழாய் வெடித்து உள்ளிருப்பதெல்லாம் வெளியே தள்ளப்படலாம். மிக அரிது, ஆனால் நடந்தால் கண் போயிற்று. எனவே அந்த இடைவெளியை நிமிடங்களில் முடித்துவிடப் பார்க்கிறார்கள். கிராஃப்டை இட்டு 12, 6, 3, 9 மணிகளின் இடங்களில் முதல் நான்கு தையலைப் போட்டதும் அறை கொஞ்சம் மூச்சு விடும்.

அதன் பிறகு மீதித் தையல்கள். வழக்கமாக மொத்தம் பதினாறு. தலைமுடியை விட மெல்லிய நைலான் நூல். ஒவ்வொரு தையலும் கருவிழியின் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழம் போக வேண்டும், ஆனால் துளைத்துவிடக் கூடாது. முடிச்சைத் திருப்பி உள்ளே புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் இமை உரசும்போதெல்லாம் குத்தும். ஒரு தையல் இறுகி இன்னொன்று தளர்ந்தால் கருவிழியின் வளைவு கோணலாகி, பார்ப்பதெல்லாம் இழுபட்டுத் தெரியும். கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கொஞ்சம் கோணல் வந்தே தீரும். கிராஃப்ட் பளிங்குபோல் தெளிவாக இருந்தும் விவசாயிக்கு ஐந்தாம் மாதம் 'கலங்கலாக' இருந்ததற்கு இந்தக் கோணலே காரணம்.

டீச்சரின் அறுவையில் கண் ஒருபோதும் திறந்து கிடக்கவில்லை. கருவிழியின் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு வாசல், அவ்வளவுதான். அதன் வழியே வளைந்த கொக்கியை நுழைத்து, கெட்டுப்போன சவ்வை வட்டமாகக் கீறி உரித்து எடுத்தார்கள். தானக் கருவிழியிலிருந்தும் அதே சவ்வை உரித்திருந்தார்கள். அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் கனம், காய்ந்த வெங்காயச் சருகை விட மெலிது. உரித்த உடனே அது தானாகச் சுருண்டுகொள்ளும், அணுக்கள் வெளிப்பக்கம் இருக்கும்படி. நீலச் சாயம் ஏற்றினால்தான் கண்ணுக்கே தெரியும்.

அந்தச் சுருளைக் கண்ணாடிக் குழாயில் ஏற்றிக் கண்ணுக்குள் செலுத்துகிறார்கள். இனி யாரும் அதை இடுக்கியால் பிடிக்க மாட்டார்கள், பிடித்தால் அணுக்கள் சாகும். வெளியே கருவிழியின் மேல் மெல்லத் தட்டித் தட்டி, உள்ளே எழும் நீரலையைக் கொண்டே சுருளை விரிக்கிறார்கள். சில சவ்வு இரண்டு நிமிடத்தில் விரியும், சில அரை மணி நேரம் அடம்பிடிக்கும். இளையவரின் சவ்வு இறுகச் சுருளும் என்பதால் இந்த அறுவைக்கு மூத்தவர்களின் தானமே விரும்பப்படுகிறது. விரிந்த பின் மேல்பக்கம் கீழாக இல்லையே என்று உறுதி செய்ய வேண்டும். தலைகீழாக ஒட்டிய சவ்வு நீரை இறைக்காது. இதற்காகவே சவ்வின் மேல் 'எஸ்' எழுத்தை முத்திரையாகப் பதிக்கும் பழக்கம் வந்தது. எழுத்து நேராகத் தெரிந்தால் சவ்வும் நேர். கடைசியாக அதன் கீழே காற்றையோ எஸ்.எஃப்.6 என்ற வாயுவையோ குமிழியாக ஏற்றிச் சவ்வை மேலே அழுத்தி ஒட்ட வைக்கிறார்கள். அந்தக் குமிழிதான் இங்கே தையல்.

குமிழி மேல்நோக்கித்தான் எழும். ஆகவே கருவிழி மேலே இருக்க வேண்டும் என்றால் டீச்சர் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் தவிர, இரண்டு மூன்று நாள். குமிழி இருக்கும்வரை விமானம் கூடாது, ஊட்டி கொடைக்கானலும் கூடாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து குமிழி விரியும், கண்ணின் அழுத்தம் எகிறும். குமிழி கரைய, காற்றானால் சில நாள், எஸ்.எஃப்.6 ஆனால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். ஒருவர் நன்றாகப் படுத்திருந்தும் சவ்வின் ஓரம் விட்டுப்போவது உண்டு. டீச்சருக்கு மூன்றாம் நாள் மூன்றில் ஒரு பங்கு விட்டிருந்தது. மீண்டும் ஒரு ஊசியளவு காற்றை ஏற்றி, மறுபடி மல்லாந்து படுக்க வைத்தார்கள். இதைத் தோல்வி என்று எண்ணி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த அறுவையில் இது எதிர்பார்த்த ஒன்றுதான். ஒட்டிக்கொண்டபின் சவ்வு சொந்தச் சவ்வாகவே வேலை செய்கிறது.

பார்வை திரும்பும் வழி

டீச்சருக்கு ஒரு மாதத்தில் 6/12, மூன்று மாதத்தில் 6/9. வெளிக் கண்ணாடியான கருவிழி வடிவு மாறவே இல்லை, ஊறியிருந்த நீர் இறங்கியதும் பழைய கண்ணே திரும்பி வந்தது. பழைய மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

விவசாயியின் பாதை நீளமானது, அதிலும் பெரும்பகுதி தையல் எடுக்கும் பாதை. கருவிழியில் இரத்தக் குழாய் இல்லை. இல்லாததால்தான் அது தெளிவாக இருக்கிறது, அதே காரணத்தால்தான் காயமும் மிக மெதுவாக ஆறுகிறது. நான்காம் மாதத்திலிருந்து கருவிழியின் வளைவை வரைபடமாக எடுத்துப் பார்த்து, எந்தத் தையல் இழுக்கிறதோ அதை மட்டும் எடுப்பார்கள். ஒன்றை எடுத்தால் வளைவு மாறும், சில வாரம் பொறுத்து மறுபடி வரைபடம். மொத்தத் தையலும் போக ஒன்றேகால் ஆண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். இடையில் கண்ணாடி போட்டுக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை, அடுத்த தையலோடு பவர் மாறிவிடும். எல்லாம் முடிந்தபின் அவருக்குக் கண்ணாடியோடு 6/18, கடினக் கான்டாக்ட் லென்ஸோடு 6/9 கிடைத்தது. லென்ஸ் கோணலான பரப்பின் மேல் ஒரு சீரான பரப்பை இடுவதால் அந்த வேறுபாடு. வயல் வேலையில் தூசியோடு லென்ஸ் போட முடியாது என்று அவர் கண்ணாடியோடு நின்றுகொண்டார். அது அவர் முடிவு, நியாயமான முடிவுதான்.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுற்றி வெட்டித் தைத்த வடு எத்தனை ஆண்டு போனாலும் பழைய பலத்தைப் பெறாது. மாட்டின் கொம்பு, பிள்ளையின் முழங்கை, தடுக்கி விழுவது என்று ஏதாவது ஒன்று போதும், இருபது ஆண்டு கழித்தும் வட்டம் பிரிந்துபோகலாம். விவசாயிக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆயுளுக்கும் கட்டாயம். டீச்சருக்கு இந்தப் பயம் இல்லை.

நிராகரிப்பு: ஒன்று கூச்சலிடும், மற்றொன்று சத்தம் காட்டாது

அயலான திசுவை உடம்பு அடையாளம் கண்டு தாக்குவதுதான் நிராகரிப்பு. மற்ற உறுப்புகளோடு ஒப்பிட்டால் கருவிழிக்கு இது குறைவு, இரத்தக் குழாய் இல்லாததால் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர வழி குறைவு. விவசாயியைப் போலப் புண் ஆறிய கண்களில் குழாய்கள் ஏற்கெனவே உள்ளே ஊடுருவியிருக்கும், அங்கே வழி திறந்தே கிடக்கிறது. இன்னொன்று, மாற்றிய திசு எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவாகத் தாக்கப்படும். அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்து மருத்துவக் குழு ஒன்று 2012-இல் வெளியிட்ட கணக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. இரண்டாண்டுகளில் நிராகரிப்பு கண்டவர்கள் முழு மாற்றில் நூற்றுக்கு 18, உள் அடுக்கோடு கொஞ்சம் ஸ்ட்ரோமாவையும் சேர்த்து மாற்றும் முறையில் 12, டிமெக்கில் 1. ஒரே மாதிரி சிகிச்சை பெற்றவர்களை ஒப்பிட்ட கணக்கு இது. குழாய் பாய்ந்த தழும்புக் கண்களில் முழு மாற்றின் ஆபத்து இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

விவசாயிக்குப் பதினான்காம் மாதம் நடந்தது இது. வெள்ளிக்கிழமை மாலை கண் கூசியது, தூசி என்று நினைத்தார். சனிக்கிழமை கண் சிவந்தது. ஞாயிறு காலை எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் தேதி தெரிந்தது, கீழே நல்ல நேரம் தெரியவில்லை. முந்தின வாரம் இரண்டும் தெரிந்தன. திங்கட்கிழமை வந்து சேர்ந்தார். வலி அதிகமில்லை. வெட்டிய வட்டத்தோடு கருவிழியின் நரம்புகளும் அறுபட்டிருப்பதால் புதிய கருவிழிக்கு உணர்ச்சி குறைவு. 'வலிக்கலையே' என்று காத்திருப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்தபோது ஐந்து மணி இடத்தில் ஒரு தையல் தளர்ந்து மேலே எழும்பியிருந்தது. அந்தத் தையலை நோக்கி ஒரு மெல்லிய இரத்தக் குழாய் வந்து சேர்ந்திருந்தது. அங்கிருந்து கருவிழியின் உட்புறத்தில் ஒரு வெண்கோடு குறுக்கே ஓடியது. கோட்டுக்குக் கீழே கருவிழி ஊறி மங்கியிருந்தது, மேலே இன்னும் தெளிவு. அந்தக் கோடு வெள்ளணுக்களின் வரிசை. முன்னேறும் பாதையில் என்டோதீலியத்தைக் கொன்றுகொண்டே போகும். 1969-இல் கோடாடூஸ்ட், சில்வர்ஸ்டைன் என்ற இருவர் முயல்களின் கருவிழியில் அடுக்கு அடுக்காக மாற்று செய்து, ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியே நிராகரிக்கப்படலாம் என்று காட்டினார்கள். இந்தக் கோட்டுக்கு இன்றும் கோடாடூஸ்ட் கோடு என்றே பெயர்.

தளர்ந்த தையலை அன்றே எடுத்தார்கள். தொற்று வராமல் ஆன்ட்டிபயாடிக் சொட்டும், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை பிரெட்னிசோலோன் 1 சதவீதச் சொட்டும் தொடங்கினார்கள். ஸ்டீராய்டு ஊசியும் ஒன்று போட்டார்கள். பூஞ்சைப் புண் இருந்த கண்ணுக்கு இவ்வளவு ஸ்டீராய்டு கொடுப்பது கத்தி மேல் நடப்பது, அதனால் இரண்டு நாளுக்கொரு முறை வரச் சொன்னார்கள். நான்கு நாளில் கோடு நின்றது. மூன்று வாரத்தில் ஊறல் இறங்கியது. ஆனால் கோடு கடந்து வந்த பகுதியில் செத்த அணுக்கள் திரும்பி வரவில்லை. நிராகரிப்பு என்பது மருந்தால் திருப்பக்கூடிய தாக்குதல். அணுக்கள் போதாமல் கருவிழி நிலையாக வெளுத்துப்போவது கிராஃப்ட் தோல்வி. முதலாவதை விட்டுவைத்தால் இரண்டாவதாக முடியும், அதற்குத் தீர்வு இன்னொரு மாற்றுதான். ஒவ்வொரு மறுமாற்றும் முந்தையதை விட எளிதில் நிராகரிக்கப்படும். வெள்ளி மாலையே அவர் வந்திருந்தால் கோடு அவ்வளவு தூரம் ஓடியிருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

டீச்சரின் கதையில் நாடகமே இல்லை. எட்டாம் மாதம் குறித்துக் கொடுத்த தேதிக்கு வழக்கமான பரிசோதனைக்கு வந்தார். சிவப்பு இல்லை, கூச்சம் இல்லை, பார்வை 6/9. ஆனால் கருவியின் ஒளியில் சவ்வின் மேல் பொடிப்பொடியாக வெண்புள்ளிகள். டிமெக் கண்ணில் நிராகரிப்பு பெரும்பாலும் இப்படித்தான், நோயாளிக்கு எதுவும் தெரியாமல் வரும். விசாரித்ததில் நன்றாகத் தெரிகிறதே என்று இரண்டு மாதமாகச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டிருந்தார். மருந்தை மீண்டும் அடிக்கடி விடச் சொன்னதும் சில வாரங்களில் புள்ளிகள் மறைந்தன, பார்வை ஒரு வரி கூடக் குறையவில்லை.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். டிமெக் எளிது, நிராகரிப்பு குறைவு என்று கேள்விப்பட்டு அதைச் செய்துகொண்டவர் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் நான் காணும் பெரிய தவறு. முழு மாற்று செய்துகொண்டவருக்குக் கண்ணே ஓரளவு எச்சரிக்கை தரும். டிமெக் கண்ணில் அந்த எச்சரிக்கையை நம்ப முடியாது. அங்கே குறித்த தேதியே எச்சரிக்கை மணி.

சொட்டு மருந்தின் மறுபக்கம்

இரண்டு கண்களையும் காப்பது ஸ்டீராய்டு சொட்டு. இரண்டையும் கெடுக்கக்கூடியதும் அதுவே. சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றும். வழக்கமான அழுத்தம் 21-க்குள் இருக்கும், விவசாயிக்கு நிராகரிப்பு சிகிச்சையின் நான்காம் வாரத்தில் 30-ஐத் தொட்டது. அழுத்தம் ஏறுவதை நோயாளி உணர மாட்டார். தெளிவான கருவிழிக்குப் பின்னால் பார்வை நரம்பு மெல்லச் செத்துக்கொண்டிருக்கும், போனால் மாற்றித் தர நரம்பு வங்கி கிடையாது. அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு சேர்த்து, ஸ்டீராய்டை மெல்லக் குறைத்துச் சமாளித்தார்கள். டிமெக்கில் நிராகரிப்பு குறைவு என்பதால் சில மாதத்தில் வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்ற முடியும். அந்த முறையின் பெரிய லாபங்களில் இதுவும் ஒன்று. ஓராண்டுக்குப் பின் முழுதும் நிறுத்துவதா, நாளுக்கொரு சொட்டு தொடர்வதா என்பதை மருத்துவர் கண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பாட்டில் தீர்ந்துபோனது முடிவாகக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசு செலவில்லை. தினமும் காலையில் மற்றக் கண்ணைக் கையால் மூடி, ஒரே இடத்தில் நின்று, மாற்றிய கண்ணால் ஒரே நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். நேற்று தெரிந்த எழுத்து இன்று தெரியாவிட்டாலோ, சிவப்போ கூச்சமோ வலியோ சில மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ அன்றே போக வேண்டும். மாற்று செய்து பத்தாண்டு ஆனாலும் இதே விதிதான், நிராகரிப்பு முதல் ஓரிரு ஆண்டுகளில் அதிகம் என்றாலும் அதற்குக் காலக்கெடு கிடையாது. கண்ணில் தாய்ப்பாலோ எண்ணெயோ பன்னீரோ விடக் கூடாது, பழைய பாட்டிலை எடுத்து விடவும் கூடாது. சிவப்பு நிராகரிப்பாக இல்லாமல் தளர்ந்த தையலில் பிடித்த கிருமித் தொற்றாக இருந்தால் அந்த ஸ்டீராய்டே கருவிழியைக் கரைத்துவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஸ்லிட் லாம்ப் வேண்டும், கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு வேண்டுகோள். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, உங்களுக்குச் செய்தது முழு மாற்றா, டிமெக்கா, எந்தக் கண், எந்தத் தேதி, இன்னும் எத்தனை தையல் இருக்கிறது, எந்த ஸ்டீராய்டு எத்தனை முறை என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பர்ஸில் வையுங்கள். ஒவ்வொரு முறை தையல் எடுக்கும்போதும் அதைத் திருத்தி வாங்குங்கள். வெளியூரில், ஞாயிற்றுக்கிழமை இரவில், உங்களை முன்பின் பார்த்திராத கண் டாக்டரிடம் போய் நின்றால் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அவர் சிகிச்சையைத் தொடங்க முடியும்.